சிறுபேச்சு: கூச்சக்காரர்கள் ஏன் நாசி லெமாக் கடையில் தொடங்க வேண்டும்?

"சாப்டாச்சா?" என்று கேட்பவருக்கு நம் வீட்டுச் சமையல் விவரம் தேவையில்லை. "ஆச்சுக்கா, நீங்க?" என்றால் போதும், இருவரும் அவரவர் வழியில் போகலாம். பட்டினியாக இருப்பவர்கூட ஆச்சு என்றுதான் சொல்வார். யாரும் அதைப் பொய்யில் சேர்ப்பதில்லை. கோலாலம்பூரில் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் "சுடா மாக்கான்?" என்று கேட்பதும் இதையேதான்.

பெரிய தகவல் எதுவும் கைமாறாமல், சில விநாடிகளோ சில நிமிடங்களோ நடக்கும் இந்த மாதிரிப் பேச்சைத்தான் சிறுபேச்சு என்கிறேன். இதைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. ஒன்று, இது வெட்டி அரட்டை, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவர்களின் வேலை என்பது. இன்னொன்று, நிறைய "விஷயம்" கையில் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது வரும் என்பது. இரண்டாவதுதான் அதிகம் கெடுதல் செய்கிறது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் பேசுவதற்கு விஷயம் தேடியே களைத்துப்போகிறார்கள். ஆனால் சிறுபேச்சுக்கு விஷயம் கிட்டத்தட்ட வேண்டியதே இல்லை. எதிரே இருப்பவர் மேல் கொஞ்சம் கவனம் வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கவனம் எங்கே தொலைந்துபோகிறது, அதை எங்கே போய்ப் பழகுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

## தகவல் இல்லாத பேச்சு எதற்கு?

சமூக மண்டபங்களில் பேட்மிண்டன் ஆடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் தொடங்கும் முன், வலையின் இரு பக்கமும் நின்று சும்மா தட்டிக்கொள்வார்கள். அதில் புள்ளி கிடையாது, ஸ்மாஷ் கிடையாது. எதிரே நிற்பவரின் கைக்கு எட்டுகிற மாதிரி அனுப்ப வேண்டும், அவரும் அப்படியே திருப்பி அனுப்புவார். அந்த இரண்டு நிமிடத்தில் தோள் சூடாவதோடு, எதிராளியின் வேகமும் மனநிலையும் ஓரளவு பிடிபட்டுவிடும். அதைப் பார்த்து "புள்ளியே எடுக்கலையே, எதுக்கு இந்த வேலை?" என்று யாரும் கேட்பதில்லை.

சிறுபேச்சும் அப்படித்தான். "இன்னிக்கி என்ன வெயில்!" என்பதில் செய்தி எதுவும் இல்லை, வெயில் இருவர் தலையிலும்தான் அடிக்கிறது. சொல்லப்படுவது வேறு: உங்களைப் பார்த்தேன், என்னால் உங்களுக்குத் தொந்தரவு இல்லை, வேண்டுமானால் பேசலாம்.

போலந்தில் பிறந்த மானிடவியலாளர் பிரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி 1923இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குத் தனிப் பெயரே வைத்தார். தமிழில் உறவுப் பேச்சு என்று சொல்லலாம்: கருத்தைத் தெரிவிப்பதற்காக அல்லாமல், இருவருக்கும் நடுவே ஓர் இணைப்பை உண்டாக்குவதற்காகவே பேசும் பேச்சு. பசிபிக்கில் இருக்கும் துரோபிரியாண்ட் தீவு மக்களோடு வாழ்ந்து ஆராய்ந்தவர் அவர். முன்பின் தெரியாத ஒருவர் வாய் திறக்காமல் நின்றால் அது மற்றவருக்கு நிம்மதி தருவதில்லை, மிரட்சியைத்தான் தருகிறது என்பது அவர் சொன்ன முக்கியமான விஷயம்.

கூச்சக்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டியதும் இதைத்தான். "நான் யாருக்கும் தொல்லை கொடுக்கவில்லை, பேசாமல்தானே இருக்கிறேன்" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். பார்ப்பவர்கள் அதைத் தலைக்கனம் என்றோ கோபம் என்றோ படித்துக்கொள்கிறார்கள். அலுவலகத்தில் "அவன் ஒரு மாதிரி, யாரையும் மதிக்க மாட்டான்" என்று பெயர் வாங்கிய பலர் உண்மையில் பயந்துபோய் நிற்பவர்கள்தான்.

கடைக்காரரோடு பேசும் நாலு வார்த்தை பேசுபவருக்கு என்ன செய்கிறது என்பதையும் சோதித்திருக்கிறார்கள். கனடாவின் வான்கூவர் நகரில் கிலியன் சாண்ட்ஸ்ட்ரம், எலிசபெத் டன் இருவரும் ஒரு காப்பிக் கடைக்கு வந்தவர்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் முகம் பார்த்துச் சிரித்து, ஓரிரு வார்த்தை பேசிக் காப்பி வாங்க வேண்டும். மற்றவர்கள் முடிந்தவரை சுருக்கமாக வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். 2014இல் வெளியான முடிவின்படி, பேசி வாங்கியவர்களிடம் மகிழ்ச்சியும், ஊரில் தானும் ஒருவர் என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. பேசிய ஆள் நண்பரும் இல்லை, உறவினரும் இல்லை. ஒரு காப்பி வாங்கும் நேரம்தான்.

சுருக்கமாக: சிறுபேச்சில் சொற்களுக்கு வேலை குறைவு, "இங்கே ஆபத்து இல்லை" என்ற சைகைக்குத்தான் வேலை அதிகம். மௌனம் அந்தச் சைகையைத் தருவதில்லை.

## கூச்சம் எங்கே குறுக்கே நிற்கிறது?

சரி, இவ்வளவு எளிது என்றால் ஏன் நாக்கு ஒட்டிக்கொள்கிறது?

டேவிட் கிளார்க், அட்ரியன் வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1995இல் தந்த விளக்கம் இன்றுவரை சிகிச்சையில் பயன்படுகிறது. பதற்றம் வந்ததும் நம் கவனம் எதிரே இருப்பவரை விட்டுவிட்டு உள்ளே திரும்பிவிடுகிறது. இதயம் அடிப்பது, முகம் சூடாவது, குரல் உடைவது என்று நம்மை நாமே கண்காணிக்க ஆரம்பிக்கிறோம். இதை உட்கவனம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே உணரும் படபடப்பை வைத்துக்கொண்டு, வெளியே நாம் எப்படித் தெரிகிறோம் என்று ஒரு படம் வரைகிறோம். அந்தப் படம் எப்போதும் மோசமாகத்தான் இருக்கும். அதே நேரம், எதிரே இருப்பவர் சொன்னது பாதிதான் காதில் விழுகிறது. பிறகு பேச விஷயம் எங்கிருந்து வரும்? விஷயம் அவர் சொன்னதில்தானே இருந்தது!

அடுத்தது காப்புப் பழக்கம்: அவமானப்படாமல் தப்பிக்க நாம் செய்யும் சின்னச் சின்னத் தந்திரங்கள். லிஃப்டில் ஏறியதும் கைப்பேசியை எடுப்பது. பாட்டு ஓடாவிட்டாலும் காதில் இயர்போன் மாட்டிக்கொள்வது. மலாயில் கேட்க வேண்டிய ஒரு வரியை வரிசையில் நின்று மனதுக்குள் பத்து முறை சொல்லிப் பார்ப்பது. இவற்றால் அப்போதைக்கு நிம்மதிதான். ஆனால் விபரீதம் எதுவும் நடக்காதபோது அந்தப் பெயர் கைப்பேசிக்குப் போய்விடுகிறது. "கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றதால் தப்பித்தேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. "பேசியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது" என்பதைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே வருவதில்லை. போதாக்குறைக்கு, குனிந்த தலையையும் இயர்போனையும் பார்ப்பவர்கள் "பேச வேண்டாம்" என்று புரிந்துகொண்டு விலகுகிறார்கள். அதைப் பார்த்து, "என்னிடம் யாரும் பேசுவதில்லை" என்று நாம் வருந்துகிறோம்.

உங்கள் கவனம் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கடையை விட்டு வந்ததும், அங்கே இருந்தவர் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார், கையில் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று நினைத்துப் பாருங்கள். அது நினைவில் இல்லை, உங்கள் குரல் எப்படி ஒலித்தது என்பது மட்டும் நினைவில் இருக்கிறது என்றால், கவனம் உள்ளேதான் இருந்திருக்கிறது.

ஆக, பழக வேண்டியது இரண்டு: பார்வையை வெளியே வைப்பது, காப்புப் பழக்கம் ஒன்றைக் கொஞ்ச நேரம் கீழே போடுவது.

## எந்த இடத்தில் பழகுவது?

இங்கேதான் பலர் தவறான மைதானத்தில் இறங்குகிறார்கள். "கூச்சம் போக வேண்டுமா, நாலு பேர் கூடும் இடத்துக்குப் போ" என்று உறவினர்கள் கல்யாணத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். ஆரம்பத்திலேயே அது வேண்டாம். நல்ல இடத்துக்கு மூன்று அடையாளங்கள். பேச்சு தானாகவே சீக்கிரம் முடிய வேண்டும். இருவர் கண் முன்னும் ஒரு பொருளோ வேலையோ இருக்க வேண்டும். அதே ஆளை அடிக்கடி பார்க்கிற இடமாக இருக்க வேண்டும்.

காலையில் வீட்டுக்குக் கீழே நாசி லெமாக் விற்கும் மேசை இந்த மூன்றுக்கும் பொருந்தும். பொட்டலமும் சில்லறையும் கைமாறியதும் பேச்சு முடிந்தே தீரும், முடிக்கிற பொறுப்பு உங்களுடையது இல்லை. வாராவாரம் அதே தெருவில் விரியும் பாசார் மாலாம் கடைகள், அடுக்குமாடியின் காவலர் கூடம், தானியங்கி சலவைக்கடை எல்லாம் இந்த வகைதான். லிஃப்ட் இன்னும் சுருக்கம், குடையோடு ஏறுபவரிடம் "கீழே மழை பிடிச்சிருச்சா?" என்றால் பதில் வருவதற்குள் பத்தாவது மாடி வந்துவிடும்.

கிராப் கார் பார்ப்பதற்கு எளிதான இடம் போலத் தெரியும், ஆனால் தொடக்கத்துக்கு ஆகாது. மாலை நெரிசலில் நாற்பது நிமிடம் ஒரே ஆளோடு மாட்டிக்கொண்டால், நடுவில் பேச்சு அறுந்த பிறகும் இறங்க முடியாது. இரவில் தனியாகப் போகும் பெண்கள், பழக்கத்துக்காக என்று எண்ணிப் பேச வேண்டிய அவசியமே இல்லை. அந்த நேரத்து மௌனத்துக்குக் கூச்சம் காரணமில்லை.

## ஒரு பேச்சைப் பிரித்துப் பார்ப்போம்

வாங்சா மாஜுவில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கும் இளைஞர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலை கடையில் ஒரு விரலைக் காட்டி, "புங்குஸ்" என்று மட்டும் சொல்லி வாங்கிப் போகிறவர்.

முதல் வாரம் அவர் புதிதாக எதுவும் பேச வேண்டாம். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, காசு கொடுக்கும்போது கடைக்கார அக்காவின் முகத்தைப் பார்த்து "நன்றிக்கா" என்றால் போதும். பார்வை வெளியே, காப்புப் பழக்கம் கீழே. சும்மா நிற்கும் நேரத்தில் மேசையைக் கவனிக்கட்டும்: இன்றைக்கு எத்தனை சட்டி, எது காலியாகிறது, யார் உதவிக்கு நிற்கிறார்கள்.

அடுத்த வாரம் கண்ணில் பட்டதைச் சொல்லலாம்.

"அக்கா, சம்பால் அதுக்குள்ள முடியப் போவுது போல?"

"ஆமாப்பா, ஸ்கூல் தொறந்துட்டாங்கல்ல. ஆறரைக்கே கூட்டம்."

"அப்போ நாலு மணிக்கே எந்திரிக்கணுமே?"

"நாலா! மூணு மணிக்கு அடுப்பு பத்தவச்சாத்தான் சரியா வரும்."

"அம்மாடி! சரிக்கா, பஸ் வந்துரும், வர்றேன்."

அரை நிமிடம்கூட ஆகாது. இதில் நடந்ததைப் பாருங்கள். முதல் வரி இருவர் கண் முன்னும் இருக்கும் சட்டியைப் பற்றியது. அதற்குத் துணிச்சலோ புத்திசாலித்தனமோ வேண்டாம். அக்கா "ஆமாப்பா" என்று நிறுத்தியிருக்கலாம். கேட்காமலேயே இரண்டு விவரம் சேர்த்துச் சொன்னார்: பள்ளி திறந்தது, ஆறரை மணிக் கூட்டம். இப்படிக் கேள்விக்கு மேல் கொசுறாக வரும் விவரம்தான் அடுத்த வரிக்கு வழி. இளைஞர் புதிய தலைப்பு தேடவில்லை, அந்த ஆறரையைப் பிடித்துக்கொண்டார். பதிலைக் காதுகொடுத்துக் கேட்டதால் வந்த கேள்வி அது. வீட்டிலிருந்து மனப்பாடம் செய்து வந்திருந்தால் அந்த இடத்தில் பொருந்தியிருக்காது.

கடைசி வரியில் இருக்கும் "சரிக்கா"வையும் பாருங்கள். "சரி", "சரி அப்புறம்", "சரி, வேலையைப் பாருங்க" என்பவை முன்முடிப்பு: பேச்சை முடிக்கப் போகிறேன் என்று விடைபெறும் முன் தரும் அறிவிப்பு. அதோடு ஒரு சின்னக் காரணம் சேர்த்தால் யாருக்கும் முகத்தில் அடித்த மாதிரி இருக்காது. "ஆரம்பித்துவிட்டால் எப்படி வெளியே வருவது?" என்ற பயத்தாலேயே வாய் திறக்காதவர்கள் அதிகம். ஆகவே இந்த ஒரு வரியை மட்டும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

இன்னொன்று, உங்களிடம் கேள்வி வந்தால் நீங்களும் கொசுறு கொடுக்க வேண்டும். "வேலைக்கா தம்பி?" என்பதற்கு "ஆமா" என்றால் பந்து வலையில் விழுந்துவிட்டது. "ஆமாக்கா, இன்னிக்கி பிஜே வரைக்கும் போகணும்" என்றால் அவருக்கும் திருப்பித் தட்ட ஏதோ கிடைக்கிறது.

மறுபடி சொன்னால்: கண் முன் இருப்பதைச் சொல்லித் தொடங்கு, கொசுறைப் பிடி, "சரி" சொல்லிக் கிளம்பு.

## சொதப்பும் இடங்கள்

சில நாள் பதிலாக "ம்" மட்டும் வரும். அதை வைத்து உங்கள் மேல் தீர்ப்பு எழுத வேண்டாம். அவர் கண்ணும் கையும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கை வேகமாகப் பொட்டலம் மடிக்கிறது, பார்வை உங்களுக்குப் பின்னால் நிற்கும் வரிசையில் இருக்கிறது என்றால் அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். "நன்றிக்கா" என்று நகர்ந்துவிடலாம். பதில் ஒரே சொல்லாக இருந்தும் உடம்பு உங்கள் பக்கம் திரும்பியிருந்தால், அவரும் உங்களைப் போல் கூச்சப்படுகிறவராக இருக்கலாம். இன்னொரு வரி சொல்லிப் பாருங்கள். கவனிக்க வேண்டிய மரியாதை ஒன்று உண்டு. கடை மேசைக்குப் பின்னால் நிற்பவர் நம்மை விட்டு எழுந்து போக முடியாது. வரிசை நீளமாக இருக்கும்போது நம் பயிற்சிக்காக அவரைப் பிடித்து வைக்கக் கூடாது.

என்ன கேட்பது என்பதிலும் நம்மவர்கள் கொஞ்சம் தாராளம்தான். மழை, ஜாம், பார்க்கிங், டுரியான் விலை, புகைமூட்டம் எல்லாம் யாரையும் குத்தாது. கல்யாணம், சம்பளம், உடம்பு இளைத்தது பருத்தது, பிள்ளையின் தேர்வு முடிவு வேண்டாம். "ஒல்லியாயிட்டியேம்மா" என்பதை அன்பாகத்தான் சொல்கிறார்கள், கேட்பவர் வீட்டுக்குப் போய் அழுவது சொன்னவருக்குத் தெரிவதில்லை. மாமாக் கடையில் வேலை செய்பவர் தமிழ்நாட்டுக்காரராகத் தெரிந்தால் "எந்த ஊருண்ணே?" வரை சரி. எப்போது வந்தீர்கள், பெர்மிட் எப்படி என்று நீட்டினால், நீங்கள் யார் என்ற சந்தேகம்தான் அவருக்கு வரும்.

எந்த மொழியில் தொடங்குவது என்று தயங்குபவர்களும் உண்டு. தோலின் நிறத்தை வைத்துத் தமிழ் என்று முடிவு செய்ய முடியாத ஊர் இது. எதிரே இருப்பவர் வங்காளதேசத்தவராகவோ நேப்பாளியாகவோ இருக்கலாம். அவர் முன்னால் நின்ற ஆளிடம் என்ன மொழியில் பேசினார் என்று காது கொடுங்கள், அதிலேயே தொடங்குங்கள். மலாய் தடுமாறினாலும் பரவாயில்லை. இங்கே யாரும் யாருடைய இலக்கணத்தையும் திருத்திக்கொண்டிருப்பதில்லை.

## வீட்டுக்கு வந்தபின் ஓடும் படம்

பேசி முடித்த பிறகு தொல்லை விடுவதில்லை. இரவு படுக்கையில் "ஏன் அப்படிச் சொன்னேன், என்ன நினைத்திருப்பார்கள்" என்று மறுஒளிபரப்பு தொடங்கும். உட்கவனத்தோடு பேசியிருந்தால் நினைவில் இருப்பதும் நம் படபடப்பு மட்டுமே என்பதால், அந்தப் படத்தில் எதிராளியின் முகம் இருக்காது. 2018இல் எரிகா பூத்பி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. முன்பின் தெரியாதவர்களை இருவர் இருவராகப் பேசவைத்து, மற்றவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, அவருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருக்கும் என்று தனித்தனியே கேட்டார்கள். உண்மையில் பிடித்திருந்த அளவைவிடக் குறைவாகவே மக்கள் மதிப்பிட்டார்கள். இருவருமே ஒரே நேரத்தில் "அவருக்கு என்னை அவ்வளவாகப் பிடிக்கவில்லை" என்று நினைத்துக்கொண்டு பிரிந்திருக்கிறார்கள்.

ஆகவே மறுஒளிபரப்பை நம்புவதற்குப் பதில், போகும் முன்பே ஒரு வரி எழுதி வையுங்கள்: "பேசினால் அக்கா முறைப்பார்." திரும்பி வந்து, கண்ணால் பார்த்தது என்ன என்று கீழே எழுதுங்கள். "சிரித்தார்", "நிமிர்ந்து பார்க்கவில்லை" என்று பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். "சலித்துக்கொண்டிருப்பார்" என்பதெல்லாம் கணக்கில் வராது. ஒரு மாதத்துக் குறிப்புகளை வைத்து ஒப்பிட்டால் உங்கள் கணிப்பு எவ்வளவு தூரம் தப்பும் என்பது தெரியும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கடையில் சாப்பிடவே முடியாமல் இருப்பது, நேர்காணலுக்குப் பயந்து வேலைக்கே விண்ணப்பிக்காதது, மாதக்கணக்கில் இப்படியே போவது என்றால் அது சிகிச்சை உள்ள ஒரு மனநலப் பிரச்சினையாக இருக்கலாம். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் மருத்துவரிடம் சொன்னால் அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

## கல்யாண மேசைக்கு எப்போது?

கடை அக்காவோடு மனப்பாட வரி எதுவும் இல்லாமல் பேச வருகிறதா? அப்போது போகலாம். பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசையில் பெரியவர் ஒருவருக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடியுங்கள். பெரும்பாலும் அவரே ஆரம்பித்துவிடுவார்: "எந்த ஊர்? பூர்வீகம் எந்தத் தோட்டம்?" இங்கே "கேஎல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், "நான் பொறந்தது கேஎல்தான். அப்பா கோல சிலாங்கூர் பக்கம், தோட்டத்துல வளர்ந்தவரு" என்று கொசுறு வையுங்கள். அந்தப் பக்கம் அவருக்குத் தெரிந்திருந்தால் அடுத்த கால்மணி நேரத்தை அவரே பார்த்துக்கொள்வார். சில சமயம் இந்த விசாரிப்பு சாதியை மோப்பம் பிடிக்கவும் நடக்கும். அப்படித் தெரிந்தால் "அதெல்லாம் அப்பாவைத்தான் கேக்கணும்" என்று சிரித்து நகர்ந்துவிடலாம். களைப்பாக இருக்கும்போது எழுந்து போக, "சரி மாமா, சாப்பாடு எடுத்துட்டு வர்றேன், உங்களுக்கும் தண்ணி கொண்டாரவா?" என்று கேளுங்கள். திரும்பி வரும்போது அவர் வேறு யாரோடாவது பேசிக்கொண்டிருந்தால் தண்ணீரை வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம்.